கூட்டு வீட்டு வாடகை: தவணை முழுவதும் நான் கட்டினால் வட்டிக் கழிவும் முழுவதும் எனக்கா?

05.04.2026 | வெள்ளவத்தை வீட்டுக்காரி

வெள்ளவத்தையில் எனக்கும் அண்ணாவுக்கும் சேர்த்து ஒரு வீடு. 2015இல் வாங்கியது. 4 பேர்ச் காணி, பழைய மேல்மாடி வீடு. ஒரு குடும்பத்துக்கு மாதம் 2 இலட்சத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். வாடகை என் கணக்குக்கு வரும், நான் பாதியை நீர்கொழும்பில் கடை வைத்திருக்கும் அண்ணாவுக்கு அனுப்பிவிடுவேன். வங்கிக் கடனும் இருக்கிறது. தவணை மாதம் 1,10,000 ரூபா. அது முழுவதும் என் சம்பளக் கணக்கில்தான் வெட்டுப்படுகிறது. அண்ணா ஒரு சதம் கட்டுவதில்லை.

மார்ச் 31உடன் வரி வருடம் முடிந்துவிட்டது, வருமான வரிக் கோவை நிரப்ப உட்கார்ந்திருக்கிறேன். வாடகையில் பாதி 12 இலட்சம் என்னுடையது. வங்கி தந்த கடிதத்தில் வருட வட்டி 9 இலட்சம். கட்டுவது நான் என்பதால் 9 இலட்சத்தையும் நானே கழிக்கலாம் என்பது என் எண்ணம். போன வருடமும் அப்படித்தான் போட்டேன். சரிதானே?

05.04.2026 | மருதானை ஹார்ட்வெயார்

சரிதான் அக்கா. யார் கட்டுகிறாரோ அவருக்குத்தான் கழிவு. காசு போனது உங்கள் கணக்கில், வங்கிக் கூற்று கையில் இருக்கிறது, அதற்குமேல் யார் என்ன கேட்க முடியும்? வட்டியோடு ஏன் நிற்கிறீர்கள்? தவணை முழுவதையும் போடுங்கள், 13,20,000 வருகிறதே.

06.04.2026 | ஓய்வுபெற்ற கணக்காளர்

தம்பி மருதானை, தவணையில் முதல் திரும்பிப் போகும் பகுதியைக் கழிக்க முடியாது. அது செலவு அல்ல, கடனைக் குறைப்பது. இந்தத் தங்கச்சியின் தவணையில் 13,20,000க்கு 9 இலட்சம்தான் வட்டி, மீதி 4,20,000 முதல். வட்டி மட்டும்தான் வாடகைக்கு எதிராக நிற்கும்.

மற்றதும் பாதிதான் சரி. வாடகை யாருடைய கணக்கில் விழுந்தது என்பது வாடகையைப் பிரிப்பதில்லை, உறுதியில் உள்ள பங்குதான் பிரிக்கிறது. வட்டிக்கு யார் கட்டினார் என்று பார்த்தால் போதாது. கடன் வாங்கியது யார், அந்தக் காசால் எதை வாங்கினார்கள் என்று கேட்க வேண்டும். இருவரும் சேர்ந்து வாங்கிய கடன், முழு வீட்டுக்கும் போனது என்றால், அண்ணாவின் பங்கை வாங்கப் போன வட்டி உங்களுடைய வாடகையை உழைத்துத் தரவில்லை. அதை நீங்கள் கட்டினீர்கள் என்றால், அண்ணா உங்களுக்குக் கடன்காரர் ஆகிறார், அவ்வளவுதான். அந்த வட்டி உங்களுடைய கழிவாக மாறாது.

ஒரு கேள்வி. அண்ணா தன் கோவையில் வட்டி என்ன போட்டிருக்கிறார்?

06.04.2026 | வெள்ளவத்தை வீட்டுக்காரி

அண்ணாவிடம் கேட்டேன். அவருடைய ஆள் பாதி வட்டி, 4,50,000 போட்டிருக்கிறார். நான் 9 இலட்சம். கூட்டினால் 13,50,000. வங்கிக்குப் போனதோ 9 இலட்சம். இரவு முழுக்க நித்திரை வரவில்லை.

07.04.2026 | ஓய்வுபெற்ற கணக்காளர்

அதற்காகத்தான் கேட்டேன். இருவர் கோவையையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பாருங்கள். வாடகை கூட்டினால் குடியிருப்பவர் தந்த தொகை வர வேண்டும். வட்டி கூட்டினால் வங்கிக் கடிதத்தின் தொகை வர வேண்டும். ஒன்று கூடினால் யாரோ ஒருவர் மற்றவருடையதை எடுத்திருக்கிறார். நான் வேலை செய்த காலத்தில் கூட்டு வீட்டுக் கோவை எது வந்தாலும் முதலில் மற்றப் பங்காளியின் கோவையைக் கொண்டுவரச் சொல்வேன்.

07.04.2026 | சென்னையிலிருந்து வந்தவன்

வாடகையில் 30 சதவீதம் கண்ணை மூடிக்கொண்டு கழிக்கலாமே, பிறகு வட்டி. என் மாமா சென்னையில் அப்படித்தான் போடுகிறார்.

07.04.2026 | ஓய்வுபெற்ற கணக்காளர்

அது இந்தியச் சட்டம். இங்கே தனியாளுக்கு, திருத்தம், பராமரிப்பு, தேய்மானத்துக்கு என்று வாடகையில் 25 சதவீதம் நிவாரணம் உண்டு. உண்மையில் செலவான திருத்தக் கூலியைக் கழித்தால் இந்த 25 கிடையாது, இரண்டில் ஒன்றுதான். பங்காளிகள் ஒவ்வொருவரும் தம் பங்கு வாடகைக்குத் தனித்தனியே எடுப்பார்கள்.

09.04.2026 | பாமன்கடைத் தம்பி

இந்த இழையைப் பார்த்ததும் என் கதை ஞாபகம் வந்தது. அம்மாவின் வீடு எங்கள் மூன்று பேருக்கும் சமபங்கு. குடியிருப்பது ஒரு கொம்பனியின் வெளிநாட்டு அலுவலர். வாடகை கட்டுவது கொம்பனி என்பதால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புகிறார்கள். ஒப்பந்தத்தில் பெரிய அண்ணாவின் பெயர் மட்டும்தான். பிடித்த வரிக்கான சான்றிதழும் அவருடைய பெயரில் வருகிறது. நானும் அக்காவும் எங்கள் மூன்றில் ஒரு பங்கு வாடகையைக் காட்டுகிறோம், பிடிபட்ட வரியில் எங்கள் பங்கைக் கேட்கக் கையில் தாள் இல்லை. அண்ணாவுக்கு வேறு வருமானம் கிடையாது, முழுச் சான்றிதழும் அவரிடம் சும்மா கிடக்கிறது. கொம்பனிக் கணக்குப் பிரிவில் கேட்டால், ஒப்பந்தத்தில் உள்ளவருக்குத்தான் தருவோம் என்கிறார்கள்.

09.04.2026 | ஓய்வுபெற்ற கணக்காளர்

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மூவரின் பெயர், பங்கு, வரி அடையாள இலக்கம், மூன்று வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். அதன் பிறகு சான்றிதழ் மூன்றாக வரும். முடிந்த வருடங்களுக்குக் கொம்பனி திருத்தித் தராவிட்டால் கஷ்டம்தான்.

11.04.2026 | வெள்ளவத்தை வீட்டுக்காரி

இன்று உறுதியை எடுத்தேன். அம்மாவின் அலுமாரியில், பிளாஸ்டிக் உறைக்குள், 2015க்குப் பிறகு யாரும் திறக்காமல் கிடந்தது. நான் இத்தனை காலம் பாதி பாதி என்றே நினைத்திருந்தேன். உறுதியில் அப்படி இல்லை. பிரிக்கப்படாத ஐந்தில் மூன்று பங்கு அண்ணாவுக்கு, ஐந்தில் இரண்டு எனக்கு.

மூன்று தடவை வாசித்தேன். அப்படியென்றால் வருட வாடகை 24 இலட்சத்தில் அண்ணாவின் பங்கு 14,40,000. என்னுடையது 9,60,000. நான் அவருக்கு அனுப்பி வந்தது 12 இலட்சம். வருடம் 2,40,000 குறைத்து அனுப்பியிருக்கிறேன். குடியிருப்பவர்கள் வந்து நான்கு வருடம், அப்போதிருந்து இதே வாடகை. 9,60,000 ரூபா.

அண்ணா ஒரு சதமும் கட்டுவதில்லை என்று இங்கேயே எழுதியவள் நான். அந்த வரியைப் பார்க்கவே முடியவில்லை.

11.04.2026 | மருதானை ஹார்ட்வெயார்

அக்கா, அவர் தவணையில் தன் பங்கைக் கட்டவில்லையே. ஐந்தில் மூன்று என்றால் வருடம் 7,92,000 அவர் தர வேண்டும். அவர்தான் உங்களுக்குக் கடன்.

12.04.2026 | வெள்ளவத்தை வீட்டுக்காரி

தம்பி சொன்னது போல்தான் நானும் நினைத்தேன். அதனால் ஐயா சொன்ன விகிதத்தில் நேற்று ஒரு கணக்குப் போட்டேன். 25 சதவீத நிவாரணத்தை இதில் தொடவில்லை, வட்டி என்ன செய்கிறது என்று மட்டும் பார்க்க.

வட்டி 9 இலட்சத்தையும் மூன்றுக்கு இரண்டாகப் பிரித்தால் அண்ணாவுக்கு 5,40,000, எனக்கு 3,60,000. என் வாடகை 9,60,000இல் கழித்தால் 6 இலட்சம் மிஞ்சும். என் சம்பளம் வருடம் 24 இலட்சம். தனிநபர் நிவாரணம் 18 இலட்சம் போக 6 இலட்சத்துக்கு ஏற்கெனவே 6 சதவீதம் போகிறது. வாடகையின் 6 இலட்சம் மேலே ஏறும்போது முதல் 4 இலட்சம் 6 சதவீதத்திலும், மிச்சம் 2 இலட்சம் 18 சதவீதத்திலும் விழும். 24,000 உம் 36,000 உம் சேர்த்து 60,000 ரூபா. அண்ணாவுக்குக் கடை வருமானம் 10 இலட்சம், வாடகையில் மிஞ்சுவது 9 இலட்சம். மொத்தம் 19, நிவாரணம் போக 1 இலட்சத்துக்கு 6,000 ரூபா.

12.04.2026 | மருதானை ஹார்ட்வெயார்

அப்படியானால் வாடகை முழுவதையும் அண்ணாவின் பெயரில் காட்டிவிடுங்களேன். 24 இலட்சத்தில் 9 இலட்சம் வட்டி போக 15, கடை வருமானம் 10, மொத்தம் 25. நிவாரணம் போக 7 இலட்சத்துக்கு 6 சதவீதம், 42,000தான். இரண்டு பேரும் சேர்ந்து 66,000 கட்டுவதற்கு இது நல்லதுதானே.

12.04.2026 | ஓய்வுபெற்ற கணக்காளர்

வரி குறைகிற பக்கம் பங்கை நகர்த்த முடியாது தம்பி. உறுதியை மாற்றி எழுதினால்தான் பங்கு நகரும், அதற்கு முத்திரை வரி, நொத்தாரிசு எல்லாம் இருக்கிறது.

தங்கச்சி, கணக்குச் சரி. ஆனால் எனக்கு ஒரு எண் உறுத்துகிறது. வீடு என்ன விலைக்கு வாங்கினீர்கள்? கடன் எவ்வளவு? உறுதியின் கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசின் அத்தாட்சி இருக்கும், காசு எப்படிக் கைமாறியது என்று அதில் எழுதியிருப்பார். அதை வாசித்தீர்களா?

15.04.2026 | வெள்ளவத்தை வீட்டுக்காரி

புத்தாண்டுக்கு அண்ணா குடும்பத்தோடு வந்திருந்தார். சாப்பிட்டு எல்லோரும் சாய்ந்த பிறகு உறுதியை மேசையில் விரித்தேன். கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. விலை 250 இலட்சம். 150 இலட்சத்துக்கு ஒரு காசோலை, இலக்கத்தோடு. 100 இலட்சத்துக்கு வங்கியின் கொடுப்பாணை, அதற்கும் இலக்கம். காசோலை அண்ணாவின் கணக்கு. நீர்கொழும்பில் அவருக்கு இருந்த காணியை விற்ற காசு.

250இல் 150 என்பது ஐந்தில் மூன்று. 100 என்பது ஐந்தில் இரண்டு. உறுதியில் உள்ள பங்கு அப்படித்தான் வந்திருக்கிறது. கடன்தான் என் பங்கு.

"அண்ணா, இது உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். "நான் கைக்காசு போடுறன், நீ கடனைக் கட்டு என்றுதானே அப்ப பேசினோம், மறந்துட்டியா?" என்றார். மறந்துதான் போயிருந்தேன். அப்பாவின் ஆஸ்பத்திரி அலைச்சல் நடந்த வருடம் அது, கையெழுத்து வைத்தது மட்டும் நினைவில் இருந்தது. வாடகைக் குறைவைப் பற்றிச் சொன்னேன். "பாதி அனுப்புறாய் என்று தெரியும், பிள்ளையின்ர படிப்புக்கு உனக்குத் தேவை என்று விட்டன்" என்றார்.

அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

15.04.2026 | ஓய்வுபெற்ற கணக்காளர்

அப்படியென்றால் 6ஆம் திகதி நான் சொன்னது உங்கள் வீட்டுக்குப் பொருந்தாமல் போகலாம். முழு வீட்டுக்கும் போன கூட்டுக் கடன் என்று வைத்து விகிதப்படி பிரிக்கச் சொன்னேன். கடன் காசு உங்கள் ஐந்தில் இரண்டை மட்டும் வாங்கியிருந்தால், 9 இலட்சமும் உங்கள் வாடகையை உழைக்கப் போன வட்டி. அண்ணாவுக்கு அதில் ஒன்றும் இல்லை. அவர் கழித்த 4,50,000தான் பிழை, உங்களுடைய 9 இலட்சம் அல்ல.

ஆனால் கடனில் இருவரும் கையெழுத்து வைத்தீர்களா?

15.04.2026 | வெள்ளவத்தை வீட்டுக்காரி

ஆம், இருவரும். வங்கியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வைத்தோம். அது நன்றாக ஞாபகம்.

16.04.2026 | ஓய்வுபெற்ற கணக்காளர்

ஞாபகத்தை விடுங்கள். வங்கியில் ஈட்டு உறுதியின் பிரதி கேளுங்கள். வீட்டில் அண்ணாவுக்கும் பங்கு இருப்பதால் ஈடு வைக்க அவருடைய கையெழுத்து எப்படியும் வேண்டும். அவர் கடன் பெறுபவராகக் கையெழுத்து வைத்தாரா, ஈடு வைப்பவராக மட்டும் வைத்தாரா என்பதுதான் விஷயம். முதலாவது என்றால் திணைக்களத்தில் உங்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை இருக்கும். இரண்டாவது என்றால் கேள்வியே எழாது.

17.04.2026 | கல்கிசை ஆசிரியை

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நாங்கள் கல்கிசை வீட்டுக் கடனில் இன்னொரு 20 இலட்சம் கூட்டி எடுத்து மகனை மலேசியாவுக்குப் படிக்க அனுப்பினோம். வீட்டின் கீழ்த்தளம் வாடகைக்கு, மேலே நாங்கள். கடன் ஒன்றுதான், வட்டியும் ஒரே கடிதத்தில்தான் வருகிறது. முழுவதும் கழித்துக்கொண்டு வருகிறோமே?

17.04.2026 | ஓய்வுபெற்ற கணக்காளர்

மகனின் படிப்புக்குப் போன 20 இலட்சத்தின் வட்டி வாடகையைத் தரவில்லை, டீச்சர். அதைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். நீங்கள் இருக்கும் மேல்தளத்துக்கு உரிய வட்டியும் அப்படித்தான். மீதியைத்தான் நீங்களும் கணவரும் பங்குப்படி பிரிக்கலாம்.

17.04.2026 | கல்கிசை ஆசிரியை

மேல்தளம் பெரிது, கீழே சின்னது. சதுர அடியால் பிரிப்பதா, வாடகை மதிப்பால் பிரிப்பதா?

18.04.2026 | பாமன்கடைத் தம்பி

என் அக்காவின் கணக்காளர் சதுர அடி என்றார். எனக்குத் தெரிந்த இன்னொருவர் வாடகை மதிப்பு என்கிறார். டீச்சர், எதை எடுத்தாலும் வருடா வருடம் மாற்றாதீர்கள்.

24.04.2026 | வெள்ளவத்தை வீட்டுக்காரி

வங்கியில் மூன்று நாள் ஏறி இறங்கி ஈட்டு உறுதியின் பிரதி கிடைத்தது. கிளையில் இருந்த பெண் பிள்ளை பழைய கோப்பைத் தேடி மேலே கீழே ஓடினாள், புண்ணியமாகப் போக.

கடன் பெறுபவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும். ஈடு வைப்பவர்கள் என்ற இடத்தில் இருவர் பெயரும். அண்ணா கையெழுத்து வைத்தது தன் பங்கை ஈடாகக் கொடுக்க. அவருடைய ஐந்தில் மூன்று பங்கையும் என் கடனுக்காக அடகு வைத்திருக்கிறார், 11 வருடமாக. அவர் வாயால் அதை ஒரு நாளும் சொன்னதில்லை.

இனிக் கணக்கு இது. என் வாடகை 9,60,000, வட்டி 9,00,000, மிஞ்சுவது 60,000. மேல் வரி 3,600 ரூபா. அண்ணாவின் வாடகை 14,40,000, வட்டி இல்லை. கடை வருமானம் 10 இலட்சத்தோடு 24,40,000. நிவாரணம் 18 போக 6,40,000க்கு 6 சதவீதம், 38,400 ரூபா. இதற்குமேல் 25 சதவீத நிவாரணம் இருவருக்கும் வரும். வாடகை கூட்டினால் 24 இலட்சம், வட்டி கூட்டினால் 9 இலட்சம். ஐயா சொன்ன இரண்டு கூட்டலும் சரி வருகிறது.

24.04.2026 | மருதானை ஹார்ட்வெயார்

பார்த்தீர்களா, முதல் நாளே சொன்னேன், கட்டுகிறவருக்குத்தான் கழிவு.

24.04.2026 | ஓய்வுபெற்ற கணக்காளர்

கட்டியதால் அல்ல தம்பி, கடன் அவருடையது என்பதால். நாளைக்கு அண்ணா ஒரு வருடம் உதவியாகத் தவணை கட்டினாலும் அந்த வட்டி அண்ணாவின் கழிவு ஆகாது.

தங்கச்சி, 25 சதவீதத்தை எதில் எடுப்பது என்று யோசித்தீர்களா? மொத்த வாடகை 9,60,000இல் எடுத்தால் 2,40,000. வட்டி போன பிறகு உங்களிடம் மிஞ்சுவதே 60,000தான். மொத்த வாடகையில் என்பது என் வாசிப்பு. ஆனால் வட்டி கழித்த வாடகை வருமானத்தில்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லும் கணக்காளர்களும் இருக்கிறார்கள். உங்கள் கோவையில் அது பெரிய தொகை இல்லை, அண்ணாவுக்கு வட்டியே இல்லாததால் அவருக்கு இந்தப் பிரச்சினையும் இல்லை.

இன்னொன்று. மார்ச் வாடகை ஏப்ரலில் கைக்கு வந்திருந்தால் அது அடுத்த வருடத்துக்குப் போகும். தனியாளுக்கு வாடகை கைக்கு வந்த நாளில்தான் கணக்கு.

25.04.2026 | வெள்ளவத்தை வீட்டுக்காரி

மார்ச் வாடகை 29ஆம் திகதி வந்துவிட்டது.

பழைய வருடங்களில் நான் காட்டிய 12 இலட்சம் பிழை, அண்ணா கழித்த வட்டியும் பிழை. இரண்டு பேரும் திருத்திய கோவை கொடுக்கப் போகிறோம். என் பக்கம் வரி குறையும், அவர் பக்கம் கூடும். அவருக்குக் கூடுகிற வரியை நான் கட்டுகிறேன் என்றேன், வேண்டாம் என்கிறார். 9,60,000 பற்றியும் அதே பதில். அதை மாதம் 40,000 படி 24 மாதத்தில் அனுப்பப் போகிறேன், வேண்டாம் என்று சொன்னாலும் அவருடைய கணக்கு இலக்கம் எனக்குத் தெரியும்.

03.05.2026 | வெள்ளவத்தை வீட்டுக்காரி

வாடகை ஒப்பந்தத்தை மாற்றி எழுதியாகிவிட்டது. குடியிருப்பவர் நல்ல மனிதர், இரண்டு கணக்குக்கு அனுப்பச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். இந்த மாதம் அண்ணாவுக்கு 1,20,000, எனக்கு 80,000. தவணை 1,10,000 எப்போதும் போல என் கணக்கில் 5ஆம் திகதி வெட்டுப்படும். இனி மாதம் 30,000 என் சம்பளத்திலிருந்து போட வேண்டும், அண்ணாவின் 40,000 வேறு. கஷ்டம்தான், ஆனால் கட்டுவேன்.

ஈட்டு உறுதியின் பிரதியை வீட்டு உறுதியோடு சேர்த்து அதே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறேன்.

04.05.2026 | பாமன்கடைத் தம்பி

அக்கா, அந்த ஒப்பந்தத்தில் பங்கை எப்படி எழுதினீர்கள்? எங்கள் கொம்பனி ஒப்பந்தம் ஆகஸ்டில் புதுப்பிக்க வருகிறது. பெரிய அண்ணா இன்னும் சம்மதிக்கவில்லை.

04.05.2026 | வெள்ளவத்தை வீட்டுக்காரி

வாடகைக்கு விடுபவர்கள் என்று இருவர் பெயரும், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்தில் உறுதி இலக்கமும் பங்கும், கீழே வரி அடையாள இலக்கமும் வங்கிக் கணக்கும். அவ்வளவுதான் தம்பி. அண்ணாவிடம் முதலில் உறுதியைக் காட்டுங்கள், பிறகு சான்றிதழைப் பற்றிப் பேசுங்கள்.